கடைசி நாளின் காமா

கேள்வி: கேஎல்சிஐ ஆப்ஷனை விற்று வைத்திருந்தேன். முடிவுத் தேதிக்கு முதல் நாள் குறியீடு பத்துப் புள்ளிதான் ஏறியது. நஷ்டம் மட்டும் ஏன் இவ்வளவு?
– ஜார்ஜ்டவுன் வாசகர், பினாங்கு

பதில்: குறியீடு 1600, விற்றது 1600 கால் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு ஏற்ற இறக்கம் 12 சதவீதம். ஒரு மாதம் இருக்கும்போது அதன் விலை சுமார் 22 புள்ளி. குறியீடு பத்துப் புள்ளி ஏறினால் 27 அல்லது 28 ஆகும். வலிக்கும், ஆனால் தாங்கலாம்.

ஒரே நாள் மிச்சமென்றால் அதே காலின் விலை சுமார் 5 புள்ளிதான். அதே ஏற்றத்தில் அது 11-ஐத் தாண்டிவிடும். புள்ளிக்கு 50 ரிங்கிட் கணக்கில், 250 ரிங்கிட் வாங்கியவர் திரும்ப வாங்க 550-க்கு மேல் கொடுக்க வேண்டும்.

குறியீடு ஒரு புள்ளி நகர்ந்தால் ஆப்ஷன் எவ்வளவு நகரும் என்பது டெல்டா. அந்த டெல்டா மாறும் வேகம்தான் காமா. மாதத் தொடக்கத்தில் அந்தப் பத்துப் புள்ளி டெல்டாவை 0.50-லிருந்து 0.57-க்குத்தான் தள்ளும். கடைசி நாளிலோ 0.80-க்கே. அடுத்த பத்துப் புள்ளி ஏறினால் ஏறக்குறைய முழுவதும் விற்றவர் தலையில்தான். ஃபியூச்சர் வாங்கி ஈடுகட்டலாம். ஆனால் ஏறிய பிறகு வாங்கி, இறங்கிய பிறகு விற்கும் வேலை அது.

குறியீட்டிலிருந்து வெகுதூரம் தள்ளியிருக்கும் ஸ்ட்ரைக்குகளுக்கு இந்த ஆட்டம் கிடையாது, குறியீடு அங்கே பாயாதவரை.

இந்தியாவின் செபி 2024 நவம்பர் 20 முதல், முடிவு நாளன்று விற்ற குறியீட்டு ஆப்ஷன்களுக்குக் கூடுதலாக 2 சதவீத மார்ஜின் கேட்பதும் இந்த நாளின் ஆபத்தைக் கருதித்தான்.