ஷீட்டில் ரெண்டு வேகம்

கேள்வி: எங்கள் எச்.டி.பி.இ. பைப் லைனின் செட்டிங் ஷீட்டை ஆபரேட்டர்களுக்காகத் தமிழில் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். பேரல் ஜோன், டை, ஸ்க்ரூ ஸ்பீடு எல்லாம் எங்கிருந்து வந்தன? தமிழில் எப்படி எழுதுவது? (வாசகர், கோவை)

பதில்: ஸ்க்ரூ முதலில் தள்ளியது பிளாஸ்டிக்கை அல்ல. பிரிட்டனில் மேத்யூ கிரே 1879இல் காப்புரிமை வாங்கிய ஸ்க்ரூ இயந்திரம், மின்கம்பிக்கு மேலுறை போடுவதற்காக வந்தது. அந்தக் காலத்து ரப்பர் இயந்திரங்களுக்கு, ஏற்கெனவே பிசைந்து மென்மையாக்கிய சரக்குதான் போகும். அதனால் குட்டையான பேரலும் நீராவிச் சூடும் போதுமாக இருந்தன. பிளாஸ்டிக் அப்படியில்லை. கெட்டியான குருணையாக உள்ளே போய், வழியிலேயே உருக வேண்டும். 1930களில் ஜெர்மனியில் பால் ட்ரோஸ்டர் பிளாஸ்டிக்குக்கென்று செய்த இயந்திரத்தில் பேரல் நீண்டது, மின்சூடு வந்தது. நீண்ட பேரலை ஒரே சூட்டில் வைக்க முடியாது; ஹீட்டரைத் துண்டு துண்டாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு துண்டும் ஒரு ஜோன்.

ஜோன் 1 ஹாப்பர் பக்கம்; அங்கிருந்து டையை நோக்கி எண்ண வேண்டும் என்று ஷீட்டின் தலையிலேயே எழுதிவிடுங்கள். பேரலைப் ‘பீப்பாய்’ ஆக்கினால் ஆபரேட்டர் எண்ணெய் டிரம்மைத் தேடுவார். டையை ‘அச்சு’ என்றால் மோல்டிங் மிஷினின் அச்சோடு குழம்பும். தொழிற்கூடத்துச் சொற்களை அப்படியே விடுங்கள். தமிழ் தேவைப்படுவது குறிப்புகளில்தான். உதாரணமாக, ‘ஜோன் 1ஐ அதிகம் ஏற்றாதே, குருணை வாயிலேயே ஒட்டிக்கொள்ளும்’ என்று எழுதலாம். ஒட்டினால் ஆர்.பி.எம். மாறாது, ஆனால் சரக்கு சரியாக இறங்காது. மோட்டார் ஆம்பியர் ஏறி இறங்கும், பைப் கனம் அங்கங்கே மாறும்.

உண்மையான ஆபத்து ‘வேகம்’ என்ற கட்டத்தில் இருக்கிறது. லைனில் வேகம் இரண்டு: ஸ்க்ரூ சுற்றும் வேகம், பைப்பை இழுக்கும் ஹால்-ஆஃப் வேகம். ஸ்க்ரூ 60, ஹால்-ஆஃப் நிமிடத்துக்கு 2 மீட்டர், சுவர் 5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஸ்க்ரூவை மட்டும் 66 ஆக்கினால் சரக்கு ஏறத்தாழ பத்து சதவீதம் கூடி, சுவர் 5.5 பக்கம் போகும். மாறாக ஹால்-ஆஃபை மட்டும் 2.2 ஆக்கினால் அதே சரக்கு நீளமாக இழுபட்டு, சுவர் 4.5க்குக் கிட்டே இளைக்கும். ‘வேகத்தைக் கொஞ்சம் கூட்டு’ என்ற ஒரு வரியில் பைப் தடிக்கவும் செய்யும், மெலியவும் செய்யும்! ஆகவே ‘ஸ்க்ரூ (சுற்று/நிமிடம்)’, ‘ஹால்-ஆஃப் (மீட்டர்/நிமிடம்)’ என்று அலகோடு தனித்தனிக் கட்டம் போடுங்கள்.

வெப்பத்துக்கும் இதே பிரிப்பு வேண்டும். ஜோனில் வைத்த சூடு வேறு, உருகிய சரக்கின் சூடு வேறு. ஸ்க்ரூ அரைக்கும் உராய்விலேயே சரக்கு சூடாகும் என்பதால், ஹீட்டர் அணைந்திருந்தும் சில ஜோன்களில் முள் மேலே நிற்கும். ‘வைத்தது’, ‘காட்டுவது’, ‘உருகல்’ என்று மூன்று கட்டம் இருந்தால், ஹீட்டரைக் குறைப்பதா, ஸ்க்ரூவைக் குறைப்பதா என்று ஆபரேட்டரே முடிவு செய்வார்.