மறுத்தவரிடமே மறுபடியும் கேட்பது

ஓர் உத்தியோகத்துக்கு நாம் பொருந்த மாட்டோம் என்று சொல்லும் ஆள்சேர்ப்பு அதிகாரி, அநேகமாக, நம்முடைய பொதுவான யோக்கியதையைப் பற்றி எந்த அபிப்பிராயமும் சொல்வதில்லை. தம் பொறுப்பிலுள்ள ஒரு காலியிடத்துக்கு, அந்தப் பிரிவின் மேலாளர் வகுத்துக் கொடுத்த நிபந்தனைகளோடு நம் ரெஸ்யூமேயை ஒப்பிட்டுப் பார்த்து, ஒத்துவரவில்லை என்று குறித்துவைக்கிறார், அவ்வளவே. ஆகையால் வேறொரு காலியிடத்துக்கு நம்மைப் பரிசீலிக்கும்படி அவரிடமே கேட்பதில் அநாகரிகம் ஒன்றுமில்லை.

சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையின் பில்லிங் பிரிவில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு, மருத்துவமனைகளுக்கு மென்பொருள் தயாரிக்கும் நிறுவனமொன்றில் பிசினஸ் அனலிஸ்ட் பொறுப்புக்கு நான் விண்ணப்பித்திருந்தேன். அதன் மனிதவளப் பிரிவிலிருந்து தொலைபேசியில் பேசிய அம்மையார், சிறிது நேர விசாரணைக்குப் பின், "சார், உங்கள் அனுபவம் நல்ல அனுபவந்தான், ஆனால் இந்தப் பொறுப்புக்குப் பொருந்தாது" என்றார். "எதில் குறைகிறது என்று மட்டும் சொல்ல முடியுமா, மேடம்?" என்று கேட்டேன். வாடிக்கையாளரின் தேவைகளைக் கேட்டறிந்து, புரோகிராமர்களுக்கு விளங்கும்படி ஆவணமாக எழுதிய பழக்கம் வேண்டும் என்றும், அது என் ரெஸ்யூமேயில் இல்லை என்றும் அவர் விளக்கினார்.

மேற்கொண்டு செய்ய வேண்டியதை நிர்ணயிப்பது இந்தக் காரணந்தான். குறைவு அந்தப் பொறுப்புக்கே உரிய திறமையில் இருந்தால் வேறு பொறுப்பைப் பற்றிப் பிரஸ்தாபிக்கலாம். சம்பள எதிர்பார்ப்போ, 90 நாள் நோட்டீஸ் காலமோ, ஊர் மாற இயலாமையோ தடையாக இருந்தால், அதே தடை அடுத்த காலியிடத்திலும் முன்னே வந்து நிற்குமாதலால், அதில் நாம் எவ்வளவு விட்டுக்கொடுப்போம் என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். நேர்முகத் தேர்வுவரை சென்று தேறாதவர்களைச் சில மாதங்களுக்கு மறுபடி பரிசீலிப்பதில்லை என்ற விதி சில நிறுவனங்களில் உண்டு. அது எல்லாப் பிரிவுகளுக்குமா, அந்த ஒரு பிரிவுக்கு மட்டுமா என்று கேட்டுக்கொள்வது உத்தமம்.

அன்று மாலையே அந்த நிறுவனத்தின் வேலைவாய்ப்புப் பட்டியலைப் பார்த்தபோது, மருத்துவமனைகளுக்கு நேரில் சென்று மென்பொருளை நிறுவி, கவுன்ட்டர் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் இம்ப்ளிமென்ட்டேஷன் பொறுப்பு ஒன்று காலியாக இருப்பது தெரிந்தது. மறுநாள் காலை, அம்மையார் முன்பு எனக்கு அனுப்பியிருந்த மின்னஞ்சலுக்கே பதிலாக, ஒரு சிறு மடல் எழுதினேன். நேரம் ஒதுக்கிப் பேசியதற்கு ஒரு வரி நன்றி, பிறகு அந்தக் காலியிடத்தின் பெயரும் எண்ணும், எங்கள் மருத்துவமனை பழைய மென்பொருளைக் கைவிட்டுப் புதியதற்கு மாறியபோது இரவுப் பணிக் காசாளர்களுக்கு உடனிருந்து கற்றுக்கொடுத்தவன் என்பதும், காப்பீட்டு நிறுவனங்கள் நிராகரித்துத் திருப்பிய பில்களைச் சரிசெய்து மறுபடி அனுப்பியவன் என்பதும், மென்பொருளின் உள்ளமைப்புகளை நானே செய்ததில்லை என்ற உண்மையும், கடைசியாக, "இதை நீங்களே அனுப்பிவைப்பீர்களா, அல்லது நான் தனியாக விண்ணப்பிக்க வேண்டுமா?" என்ற ஒரே கேள்வி.

"பொருத்தமான வேலை எதுவானாலும் சரி" என்று எழுதுபவர்கள், தேடும் சுமையை அதிகாரியின் தலையில் ஏற்றிவிடுகிறார்கள். அவருக்கோ அதற்கு அவகாசம் கிடையாது. எண்ணோடு ஒரு காலியிடத்தைச் சுட்டினால், அவர் அந்த மடலை அப்படியே உரியவருக்கு அனுப்பிவிட்டு அடுத்த காரியத்தைப் பார்க்கலாம். ஒரே மூச்சில் ஐந்தாறு பொறுப்புகளுக்கு விண்ணப்பிப்பதும் தவறு. பெரும்பாலான நிறுவனங்களின் மென்பொருளில் அவையனைத்தும் நம் ஒரே பெயரின் கீழ் வரிசையாகத் தெரியும், பார்ப்பவருக்கு நமக்கு என்ன வேண்டுமென்பதே விளங்காது. மடலோடு அனுப்பிய ரெஸ்யூமேயில் பயிற்சி கொடுத்த அனுபவத்தை மேலே ஏற்றினேனே தவிர, தேதியையோ பதவிப் பெயரையோ தொடவில்லை. பழைய பிரதி அவர்களிடம் இருக்கிறது, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க அதிக நேரமாகாது.

அந்தக் காலியிடம் வேறொரு சக ஊழியரின் பொறுப்பில் இருக்கிறது, அவருக்கு அனுப்பியிருக்கிறேன் என்று அம்மையாரிடமிருந்து பதில் வந்தது. ஒரு வாரம் பொறுத்து ஒரே ஒரு நினைவூட்டல் அனுப்பினேன். அதற்குமேல் அனுப்பினால் தொந்தரவு என்றுதான் கருதுவார்கள். நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது, வேலையும் கிடைத்தது. நான் முதலில் கேட்ட பொறுப்பைவிடச் சம்பளம் குறைவு, பிரயாணம் அதிகம். ஏற்கெனவே ஒருவருக்கு ஆஃபர் கொடுத்து முடிந்துவிட்ட இடமாக இருந்திருந்தால் இந்த முயற்சியெல்லாம் பலனற்றுத்தான் போயிருக்கும்; பட்டியலிலிருந்து அத்தகைய இடங்களை உடனே நீக்கிவிடுவார்கள் என்று நம்புவதற்கில்லை.

கன்சல்டன்சி மூலமாகச் சென்றவர்களுக்கு ஒரு வார்த்தை: நிறுவனத்துக்கு நேரே எழுதாமல், உங்களை அனுப்பிவைத்த கன்சல்டன்ட்டிடமே இந்தக் கோரிக்கையை வையுங்கள், இல்லாவிடில் உங்களைச் சேர்த்துவிட்ட கட்டணம் யாருக்கு என்ற தகராறு எழும், அந்தத் தகராறுக்குப் பயந்தே நிறுவனம் உங்கள் பெயரை ஒதுக்கிவிடக்கூடும்.