பத்துப் பேரா, ஆறு பேரா?

அன்பின் தங்கச்சிக்கு,

ஆடியில் ஒரு மேக்கப் வகுப்பு வைக்கப் போவதாகவும், வெள்ளவத்தையில் தெரிந்தவரின் சலூனை அரை நாளுக்குக் கேட்டிருப்பதாகவும் எழுதியிருந்தாய். காலத்தைச் சரியாகத்தான் பார்த்திருக்கிறாய். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை நம் சைவக் குடும்பங்களில் கல்யாணம் வைக்கமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை உன் கை சும்மா இருக்கும். மார்கழியிலும் முகூர்த்தம் இல்லைதான், ஆனால் அப்போது நத்தாரும் ஆண்டிறுதி விருந்துகளும் வந்துவிடும். கொட்டாஞ்சேனையில் உன் வாடிக்கையாளர்களில் கத்தோலிக்கர் நிறைய இருப்பதால், தவக்காலத்தையும் வகுப்புக்கென்று குறித்து வைத்துக்கொள்.

எனக்கு உறுத்துவது நீ எழுதிய கணக்கு. பத்துப் பேர், ஆளுக்குப் பத்தாயிரம், ஆக ஒரு இலட்சம். அந்தப் பத்து எங்கிருந்து வந்தது? அறையில் பத்துக் கதிரை போடலாம் என்பதால் என்றால், அது வகுப்பின் அளவு ஆகாது. உன் கை எத்தனை முகத்துக்குப் போய்ச் சேரும் என்பதுதான் அளவு.

தன் முகத்துக்குத் தானே மேக்கப் போடப் பழகும் வகுப்பை எடுத்துக்கொள். நான்கு மணித்தியாலம், அதாவது 240 நிமிடம். அறிமுகம், தோலைத் தயார் செய்தல், நீ செய்து காட்டுவது, தேநீர், கடைசிப் படம் எல்லாம் சேர்ந்து பாதி நேரம் போய்விடும். மிச்சம் 120 நிமிடம்தான் அவர்கள் தாங்களே செய்து பார்ப்பதற்கு. அந்த நேரத்தில் ஒவ்வொருத்தியிடமும் நீ ஐந்து தடவை நிற்க வேண்டும்: பவுண்டேஷன் நிறம் பொருந்துகிறதா, அது கழுத்தோடு கலந்திருக்கிறதா, புருவம், கண், பிறகு முழு முகம். ஒரு தடவைக்கு மூன்று நிமிடம் வைத்தால் ஆளுக்கு 15 நிமிடம். ஆறு பேருக்கு 90 நிமிடம் போக, அழிந்த ஐலைனருக்கும் ஒட்டாத இமைக்கும் அரை மணித்தியாலம் மிஞ்சும். எட்டுப் பேர் என்றால் ஒரு நிமிடமும் மிஞ்சாது. பத்துப் பேருக்கு 150 நிமிடம் வேண்டும்; உன்னிடம் அது இல்லை.

ஆள் கூடிவிட்டதை வகுப்பின் நடுவிலேயே கண்டுபிடிக்கலாம். நீ மூன்றாவது ஆளின் கண்ணில் நிற்கும்போது ஏழாவது ஆள் பவுண்டேஷனை இன்னும் இன்னும் பூசிக்கொண்டிருப்பாள். நீ போய்ச் சேர்வதற்குள் அது காய்ந்து திட்டாகிவிடும், ஏசி போதாவிட்டால் வியர்வையும் சேரும். அதைத் துடைத்துத் திரும்பத் தொடங்க உனக்குப் பத்து நிமிடம் போகும். கடைசியில் அவள் கைத்தொலைபேசியில் படமெடுத்துக்கொண்டு இருந்துவிடுவாள். வீட்டுக்குப் போய் அதே முகத்தைத் தானே போடத் தெரியாது.

இப்போது காசு. கீழே வருவது உதாரணத்துக்கான தொகைகள். உன் சொந்தத் தொகைகளை அவற்றின் இடத்தில் போட்டுப் பார். இடத்துக்கு 12,000, பிரஷ் கழுவவும் எடுத்துக் கொடுக்கவும் வரும் பிள்ளைக்கு 5,000, விளம்பரத்துக்கு 3,000. உன் கூலி 30,000. இதை விட்டுவிடாதே, அந்த அரை நாளோடு முதல் நாள் சாமான் அடுக்கியதும் மறுநாள் கழுவியதும் அதற்குள் வரும். ஆக 50,000 ரூபாய், யார் வந்தாலும் வராவிட்டாலும் போகும் செலவு. இதற்கு மேல் ஒவ்வொருத்திக்கும் பஞ்சு, ஸ்பொஞ்ச், ஒருமுறை பாவிக்கும் மஸ்காரா பிரஷ், இமை, பசை, கரையும் சாமான், சிற்றுண்டி என்று 3,500.

விலை போடும்போது 50,000த்தை ஆறால் வகுக்காதே, நான்கால் வகு. ஒருத்திக்குக் காய்ச்சல் வரும், இன்னொருத்திக்கு வீட்டில் விசேஷம் வரும். நான்கால் வகுத்தால் 12,500, அதோடு 3,500 சேர்த்து 16,000. நான்கு பேரே வந்தாலும் உன் கூலி முழுதாகக் கையில் நிற்கும். ஆறு பேர் வந்தால் 96,000 வரும், செலவு 71,000, கூலிக்கு மேல் 25,000 மிச்சம். மூன்று பேர்தான் என்றால் கூலியில் 12,500 துண்டு விழும், அன்றைக்கு வகுப்பை வேறு திகதிக்கு மாற்று.

உன் கணக்கையும் இதே தராசில் வை. பத்துப் பேர் தந்த ஒரு இலட்சத்தில் 50,000 முதலில் போகும், ஆளுக்கு 3,500 படி 35,000 போகும். கூலிக்கு மேல் 15,000. பத்து முகத்தைத் திருத்த மேக்கப் தெரிந்த இன்னொரு கையைப் பிடித்து அவளுக்கு 10,000 கொடுத்தால், மிஞ்சுவது 5,000. நாலு பேர் கூடுதலாக வந்தும் இலாபம் குறைகிறது.

16,000 கேட்டால் ஆட்கள் வருவார்களா என்று யோசிப்பாய். விலையைக் குறைக்க முதல் செலவைக் குறை. எல்லா நிறப் பவுண்டேஷனையும் நீ வாங்கி அடுக்கத் தேவையில்லை. அவரவர் மேக்கப் பையைக் கொண்டுவரச் சொல். வெள்ளவத்தை வீடுகளில் லண்டனிலிருந்தும் டொரன்டோவிலிருந்தும் சொந்தக்காரர் அனுப்பிய சாமான் நிறையக் கிடக்கும், பாதி அவர்கள் தோலை விட வெளிர் நிறம். யன்னல் வெளிச்சத்தில் தாடையோரம் தடவிப் பத்து நிமிடம் விட்டுப் பார்க்கக் கற்றுக் கொடு. சிலது காற்றுப் பட்டதும் கறுக்கும். எதை வைத்துக்கொள்வது, எதைக் கலந்து பாவிப்பது, எதை எறிவது என்று அன்றே தெரிந்துவிட்டால், கொடுத்த காசு வீண் என்று யாரும் சொல்லமாட்டார்கள். கொட்டாஞ்சேனையில் வேலை முடிந்து வரும் பிள்ளைகளுக்கு இதே வகுப்பை மலிவாக்காதே. கண் மட்டும் என்று இரண்டு மணித்தியால மாலை வகுப்பாக வெட்டி, அதற்குத் தனியாக இதே முறையில் விலை போடு.

இடத்தை உறுதி செய்ய அரைவாசிக் காசு, மீதி ஒரு கிழமைக்கு முதல். ஒரு கதிரை காலியானால் உனக்கு நட்டம் 12,500. அரைவாசி முற்பணமான 8,000 அதை மூடாது. கடைசி நேரத்தில் வர முடியாதவர் தன் இடத்துக்குச் சிநேகிதியை அனுப்பலாம் என்று சொல்லிவிடு. காசு கட்டும்போதே இமைப் பசை ஒத்துக்கொள்ளாதா என்று கேள். சந்தேகம் என்றால் முதல் நாளே முழங்கையின் உட்பக்கத்தில் தடவிப் பார்க்கச் சொல்.

தலைமுடி வகுப்புக்கு இந்த ஆறு செல்லாது. தன் பின்தலையில் தானே கொண்டை போட்டுப் பழகுவது கடினம், ஆகவே சோடியாக உட்கார்ந்து ஒருவர் தலையில் மற்றவர் செய்ய வேண்டும். எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்கட்டும், நான்குக்கு மேல் போகாதே. வீட்டிலோ பிளாட்டிலோ வைத்தால் மின்சாரத்தையும் பார். 30 அம்பியர் இணைப்பு தாங்குவது ஏறக்குறைய 6,900 வாட். 2,000 வாட் டிரையர் மூன்றும் ஏசியும் ஒன்றாக ஓடினால் டிரிப் ஆகலாம். தலையைக் கழுவி உலர்த்திக்கொண்டு வரச் சொன்னால் சுருட்டும் கருவிகள் மட்டும் போதும், அவை கொஞ்ச மின்சாரம்தான் எடுக்கும்.

சான்றிதழ் கேட்பார்கள். பங்குபற்றியதற்கு ஒரு தாள் கொடு, அதற்கு மேல் எதையும் அதில் எழுதாதே. தொழிலாகச் செய்ய நினைப்பவளிடம், தேசிய தொழில் தகைமைக்கு முறையான பயிற்சியும் மதிப்பீடும் வேண்டும், அதை நைட்டா போன்ற நிறுவனங்களில் விசாரி என்று முதலிலேயே சொல். வாடிக்கையாளராக வரும் அக்காவுக்கும் தொழில் பழக வரும் தங்கைக்கும் ஒரே வகுப்பு பொருந்தாது.

முதல் வகுப்பு முடிந்த கையோடு உண்மைச் செலவை எழுதி இந்தத் தொகைகளுக்குப் பக்கத்தில் வை. அடுத்தடுத்து இரண்டு வகுப்பு ஒரு கிழமைக்கு முதலே நிரம்பினால், ஆளைக் கூட்டாமல் விலையைக் கூட்டு.

அன்புடன்,
அக்கா