ஹோட்டல் மதிப்பெண்ணை உரைத்துப் பார்ப்பது எப்படி?

வியாபார நிமித்தம் வெளியூர் போய்வரும் நம் சங்கத்து அன்பர்கள் இப்போது கைத்தொலைபேசியிலேயே ஹோட்டல் அறையைப் பதிவு செய்துவிடுகிறார்கள். நட்சத்திரம் எத்தனை, மதிப்பெண் எத்தனை என்று இரண்டு எண்களைப் பார்ப்பது, பிறகு விலையைப் பார்ப்பது, பணத்தைக் கட்டிவிடுவது. நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். அதனால் அடைந்த நஷ்டத்தையும், பின்னர் கற்றுக்கொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

2024-ஆம் ஆண்டு ஜனவரியில், பெருநாள் சரக்கு வாங்கச் சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர் போனேன். ஜாலான் மஸ்ஜித் இந்தியாவுக்கு நடந்து போகும் தூரத்தில் மூன்று நட்சத்திர ஹோட்டல் ஒன்று. 600 பேர் அபிப்பிராயம் எழுதி, பத்துக்கு 8.3 கொடுத்திருந்தார்கள். என் தாயாரும் உடன் வந்தார்கள்; அங்கே உள்ள தம் தங்கையைப் பார்க்க வேண்டுமென்று ஆசை. ரத்து செய்தால் பணம் திரும்பாத மலிவு விலையில் மூன்று இரவுகளுக்குக் கட்டிவிட்டேன்.

போய்ப் பார்த்தால் மின்தூக்கி ஓடவில்லை. அறையோ நான்காம் மாடியில். அதற்கு ஜன்னலும் கிடையாது. முழங்கால் வலியுள்ள தாயார் ஒவ்வொரு படியாக ஏறி மேலே வந்து, "இதைத்தான் நல்ல ஹோட்டல்னு சொன்னியா, வாப்பா?" என்றார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அன்றிரவு தூக்கம் வராமல், அதே ஹோட்டலின் அபிப்பிராயங்களைப் புதியதிலிருந்து பழையதாக வரிசைப்படுத்திப் படித்தேன். நவம்பர் முதல் எழுதியவர்களில் பலர் மின்தூக்கி பழுது என்று தெளிவாகவே எழுதியிருந்தார்கள். அப்படியானால் 8.3 எப்படி நின்றது? கணக்குப் போட்டால் விளங்கும். பழைய 560 பேர் சராசரியாக 8.5 கொடுத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். கடைசியாக வந்த 40 பேர் வெறுத்துப்போய் 5.5 கொடுத்தார்கள். எல்லாவற்றையும் கூட்டி 600-ஆல் வகுத்தால் சரியாக 8.3 வரும். நாற்பது பேரின் புகாரும் சேர்ந்து குறைத்தது 0.2 புள்ளிதான். சில தளங்கள் புதிய அபிப்பிராயத்துக்குக் கூடுதல் எடை கொடுக்கின்றன என்பது உண்மை. ஆனாலும் ஒரு மொத்த எண் நேற்று நடந்ததை உடனே காட்டாது. மூட்டையின் வாயில் இருக்கும் அரிசியை மட்டும் பார்த்து நாம் கொள்முதல் செய்வதில்லையே. நடுவிலும் அடியிலும் குத்திப் பார்க்கிறோம்.

ஆகையால் முதல் வேலை, வரிசையை மாற்றுவது. கூகுள் வரைபடத்தில் அபிப்பிராயங்கள் Most relevant என்ற வரிசையில் வந்து நிற்கும். அதைத் தொட்டு Newest என்று மாற்றி, கடைசி மூன்று மாதத்தில் எழுதிய முப்பதையாவது படிக்க வேண்டும். பிறகு Lowest என்று மாற்றிக் குறைந்தவற்றைப் பார்க்க வேண்டும். குறைந்த மதிப்பெண் யாவும் ஹோட்டலின் குற்றமல்ல. மலேசியாவில் வெளிநாட்டினர் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி கட்ட வேண்டும். இது 2017-இல் வந்த சட்டம். அதை அறியாமல் "முகப்பில் கூடுதல் பணம் பிடுங்கினார்கள்" என்று கோபித்து ஒரே நட்சத்திரம் போட்டவர்கள் உண்டு. அதைத் தள்ளிவிடலாம். ஒரே குறையைத் தொடர்பில்லாத மூன்று நான்கு பேர், வெவ்வேறு வாரங்களில், வெவ்வேறு வார்த்தைகளில் சொன்னால் அதைத் தள்ளக்கூடாது.

அடுத்தபடி, எழுதியவர் உண்மையில் தங்கினாரா என்பது. புக்கிங் டாட் காம், அகோடா போன்றவற்றில் அத்தளத்தின் வழியாகப் பதிவு செய்தவரே எழுத முடியும். கூகுளிலும் டிரிப்அட்வைசரிலும் கணக்கு வைத்திருக்கும் எவரும் எழுதலாம். 2017-இல் லண்டனில் ஒரு பத்திரிகையாளர் தம் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையை உணவகம் என்று பதிந்து, நண்பர்களைக் கொண்டு புகழ்ந்து எழுதச் செய்தார். ஒருவருக்கும் ஒரு தட்டுச் சோறு போடாமலேயே அது டிரிப்அட்வைசரில் அந்நகரின் முதல் உணவகமாக ஏறிவிட்டது! கூகுளில் சந்தேகம் வந்தால் எழுதியவரின் பெயரைத் தொட்டு, அவர் வேறு எவற்றைப் பற்றி எழுதியிருக்கிறார் என்று பார்க்கலாம். ஒரே வாரத்தில் நான்கு நாட்டுக் கடைகளுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டவர் எந்த ஹோட்டலில் தங்கியிருப்பார் என்று நீங்களே யோசியுங்கள்.

இன்னொரு வகை பொய்யல்ல, ஆனால் எடை குறைந்தது. "முகப்பிலிருந்த இன்ன பெண்மணி மிக அன்பானவர்" என்று பணியாளர் பெயர் மட்டும் வரிசையாக வரும். பணியாளரே எதிரில் நின்று கேட்டு வாங்கியதாக அது இருக்கக்கூடும். அறை எப்படி, படுக்கை எப்படி என்று அதில் ஒரு வார்த்தையும் இராது.

நட்சத்திரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மலேசியாவில் சுற்றுலா அமைச்சு ஹோட்டல்களைப் பார்வையிட்டு ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் வரை கொடுக்கிறது. அந்த அளவுக்கு எட்டாதவற்றுக்கு ஆர்கிட் என்னும் தரம். சிங்கப்பூரில் அரசாங்க நட்சத்திரமே கிடையாது. தளத்தில் காணும் நட்சத்திரம் அமைச்சு தந்ததாகவும் இருக்கலாம், ஹோட்டல்காரர் தாமே சொன்னதாகவும் இருக்கலாம். அமைச்சு தந்ததேயானாலும் அது பெரும்பாலும் வசதிகளை அளப்பது. இன்றைக்கு விரிப்பு சுத்தமா, மின்தூக்கி ஓடுகிறதா என்பதை அது சொல்லாது.

சென்ற ஆண்டு மறுபடியும் அதே வட்டாரத்துக்குத் தாயாருடன் போக வேண்டியிருந்தது. 9.1 பெற்ற ஒன்றைப் பார்த்தேன். எழுதியவர்கள் 46 பேர்தான், அதிலும் பாதிக்கு மேல் ஒரே மாதத்தில் வந்தவை. விட்டுவிட்டேன். 7.9 பெற்ற மற்றொன்றில் 1,200 பேர் எழுதியிருந்தார்கள். தேடும் கட்டத்தில் lift என்றும், window என்றும் தட்டி, அந்த வார்த்தைகள் வரும் அபிப்பிராயங்களை மட்டும் படித்தேன். மின்தூக்கி சிறியது, மெதுவாகப் போகும் என்றார்கள். நின்றுபோனதாக ஒருவரும் சொல்லவில்லை. மலிவான அறைகளுக்கு ஜன்னல் இல்லை என்று பலர் எழுதியிருந்தார்கள். புதிய புகார்களில் மிகுதியானது சனிக்கிழமை இரவுச் சந்தையின் சத்தம். நாங்களோ திங்கட்கிழமை போய் வியாழக்கிழமை திரும்புகிறவர்கள்.

பிறகு ஹோட்டலுக்கே தொலைபேசியில் பேசி, ஜன்னலுள்ள அறைக்கு என்ன பெயர் போட்டிருக்கிறார்கள் என்று கேட்டு, அந்த வகையையே பதிவு செய்தேன். ஓர் இரவுக்கு 25 ரிங்கிட் அதிகம். மின்தூக்கியைப் பற்றிய பதிலைத் தளத்தின் செய்திப் பெட்டியில் எழுத்தில் வாங்கிக்கொண்டேன். பயணத்துக்கு இரண்டு நாள் முன்புவரை ரத்து செய்யக்கூடிய விலையையே எடுத்தேன். ரத்து செய்யும் கெடு முடிவதற்கு முதல் நாள் Newest வரிசையை மறுபடி ஒருமுறை பார்த்தேன். புதிதாக இருவர் எழுதியிருந்தார்கள். ஒருவருக்குக் காலைச் சாப்பாடு பிடிக்கவில்லை, மற்றவருக்குத் துண்டு பழையதாம். அறையை அப்படியே வைத்துக்கொண்டேன்.