அடுக்குத் தொடர்களை உறுப்புறுப்பாக வகையிடலும் தொகையிடலும்

ஊன்ட்றொப்புக்கு வடக்கே, அதிக தூரமில்லாத ஒஸ்ரன்பெல்ட என்னும் சிற்றூரில் 1815ஆம் ஆண்டு கார்ல் வையர்ஸ்ற்ராஸ் பிறந்தார். 1839இல் மூன்ஸ்ரர் நகருக்குச் சென்று குடர்மன் என்னும் ஆசிரியரிடம் கணிதம் பயின்றார். 1841இல் அங்கிருந்தே அடுக்குத் தொடர்கள் பற்றிய ஒரு கட்டுரையை எழுதினார். அது அச்சேறியது 1894இலேதான். நாம் வாழும் இம்மண்ணில் ஆராயப்பட்ட அப்பொருளின் ஒரு பகுதியை இங்கு நோக்குவோம்.

யாவரும் அறிந்த பெருக்கல் தொடரிலிருந்து தொடங்குவோம். x இன் பருமன் 1இலும் குறைவாயின்,

1 + x + x² + x³ + … = 1/(1−x)

இப்போது 1/2 + 2/4 + 3/8 + 4/16 + … என்னும் முடிவிலித் தொடரின் கூட்டுத்தொகை யாது? இதன் பொது உறுப்பு n/2ⁿ ஆகும். மேலே ஒரு n பெருக்கமாக நிற்பதைக் கவனிக்க. xⁿ ஐ வகையிட்டால் nxⁿ⁻¹ கிடைக்கும். ஆகவே n ஐத் தோற்றுவிக்கும் வழி வகையிடலே. பெருக்கல் தொடரின் இருபுறத்தையும் வகையிட,

1 + 2x + 3x² + … = 1/(1−x)²

எமக்கு வேண்டியது xⁿ, கிடைத்ததோ xⁿ⁻¹. எனவே இருபுறத்தையும் x ஆற் பெருக்கவேண்டும்:

x + 2x² + 3x³ + … = x/(1−x)²

x = 1/2 எனப் பிரதியிட, விடை 2. பெருக்க மறந்தவர்க்கு 4 வரும். ஆதலால் முதற் சில உறுப்புக்களைக் கூட்டிச் சரிபார்ப்பது நன்று. முதல் நான்கு உறுப்புக்களின் கூட்டுத்தொகை 1.625, முதற் பத்தின் கூட்டுத்தொகை ஏறத்தாழ 1.988. அவை 2ஐ நெருங்குகின்றன. மீண்டும் ஒருமுறை வகையிட்டு x ஆற் பெருக்கினால் n² உடைய தொடர் கிட்டும். அதன் கூட்டுத்தொகை x(1+x)/(1−x)³ ஆகும்; x = 1/2 ஆயின் 6.

n கீழே நின்றால் தொகையிடவேண்டும். பெருக்கல் தொடரை 0 முதல் x வரை தொகையிட,

x + x²/2 + x³/3 + … = −ln(1−x)

கீழெல்லையை 0 எனக் கொண்டமையால் தொகையீட்டு மாறிலி பற்றிய ஐயம் எழுவதில்லை. x = 1/2 ஆயின் 1/2 + 1/8 + 1/24 + 1/64 + … = ln 2. இது ஏறத்தாழ 0.6931.

முடிவிலி உறுப்புக்களை ஒவ்வொன்றாக வகையிட எமக்கு உரிமை உண்டா? முடிவுள்ள கூட்டலுக்கு உண்மையானது முடிவிலிக்கும் உண்மையாதல் வேண்டுமென்பதில்லை. இதனை 1826இல் நோர்வே நாட்டு ஆபெல் ஓர் எடுத்துக்காட்டினால் உணர்த்தினார். −π இற்கும் π இற்கும் இடையில்

sin x − (sin 2x)/2 + (sin 3x)/3 − … = x/2

இதனை உறுப்புறுப்பாக வகையிட்டால் இடப்புறம் cos x − cos 2x + cos 3x − … என்றும் வலப்புறம் 1/2 என்றும் வரும். x = 0 இல் இடப்புறம் 1 − 1 + 1 − 1 + … என ஆகி எந்த எண்ணையும் அணுகாது.

அடுக்குத் தொடருக்கு இவ்விடர் நேராமைக்குக் காரணம் உண்டு. x இன் பருமன் r ஐ விஞ்சாது, r உம் 1இலும் குறைவு எனக் கொள்வோம். பெருக்கல் தொடரில் n உறுப்புக்களுக்குப் பின் எஞ்சும் பகுதி rⁿ/(1−r) ஐ விஞ்சாது. இவ்வளவு அவ்விடையிலுள்ள x யாவற்றுக்கும் பொதுவானது. இவ்வாறு எங்கும் ஒரே அளவாய் எச்சம் சுருங்குவதே சீரான ஒருங்கல் எனப்படும். தொகையிடுவதற்கு இது போதுமானது. வகையிடுவதற்கோ வகையிட்டுப் பெறும் தொடரே சீராக ஒருங்கவேண்டும். அதன் உறுப்புக்கள் nrⁿ⁻¹ ஐ விஞ்சா. அடுத்தடுத்த இரண்டின் விகிதம் r ஐ அணுகுவதால் அவற்றின் தொடரும் ஒருங்குகின்றது. n என்னும் பெருக்கம் rⁿ இன் வீழ்ச்சியை வெல்லமாட்டாது. வையர்ஸ்ற்ராஸ் 1841இல் சீரான ஒருங்கல் என்னும் இக்கருத்தைக் கையாண்டார்.

எனினும் இவ்வாதம் ஒருங்கல் இடையின் உட்புறத்துக்கு மட்டுமே உரியது. வகையிட்டாலும் தொகையிட்டாலும் ஒருங்கல் ஆரை மாறாது. ஓரப் புள்ளிகளின் நிலையோ மாறலாம். x = −1 இல் பெருக்கல் தொடர் ஒருங்குவதில்லை. தொகையிட்டுப் பெற்ற தொடரோ அங்கு ஒருங்கி −ln 2 ஐத் தருகின்றது. ஆகவே கணக்கைச் செய்து முடித்தபின் இரு ஓரங்களையும் தனித்தனியே சோதித்தல் வேண்டும்.

மாணவர்கள் பின்வருவதைச் செய்து பார்க்க: 1/3 + 2/9 + 3/27 + … இன் கூட்டுத்தொகை 3/4 என நிறுவுக.