முதலில் யாரிடம் சொல்வது?

கூலாயில் வசிக்கும் தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவருக்கு மார்பகப் புற்றுநோய் என்று பயாப்சி முடிவு வந்தது. எந்தச் செய்தியானாலும் முதலில் அம்மாவிடம் சொல்வதுதான் அந்தக் குடும்பத்தின் வழக்கம். இந்த முறை அவர் வரிசையை மாற்றினார். செய்தி தெரிந்தவுடன் ஏதாவது செய்ய வேண்டியவர் யாரோ, அவருக்கே முதலிடம்.

அப்படிப் பார்த்தால் கணவர். ஜோகூர் பாருவில் உள்ள சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனைக்குக் கூட வரவேண்டியவர், விடுப்பு எடுக்க வேண்டியவர் அவர்தான். அவருக்குச் சிங்கப்பூரில் வேலை. மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து வருகிறவர். அதனால் போனில் சொல்லாமல், அவர் வீடு வந்து சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தார்.

அடுத்து தங்கை. உடன்பிறந்தவருக்கு இந்த நோய் வந்தால் அவருக்கும் ஆபத்து சற்றுக் கூடும். தம் மருத்துவரிடம் அவர் அதைச் சொல்லியாக வேண்டும். எஸ்.பி.எம். எழுதவிருந்த மகனிடம் நோயின் பெயரை மறைக்கவில்லை. இது தொற்றாது, யாருடைய தவறாலும் வந்ததல்ல, கீமோ நாள்களில் டியூஷனுக்குச் சித்தி அழைத்துப் போவார் என்று சொன்னார். வீட்டுப் பிள்ளைகளுக்கு வெளியார் வாயால் செய்தி போகக்கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அது சரியான உறுதி.

கடைசியாக அம்மா. வயதானவரிடம் சொல்வதுதான் பெரும்பாலோருக்குக் கடினம். கெட்ட செய்தியைச் சொல்ல மருத்துவர் வால்டர் பெய்ல் குழுவினர் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆறு படி முறை இங்கே வீட்டுக்கும் உதவும். அதில் சொல்வதற்கு முன் கேட்க வேண்டியவை இரண்டு: அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும்? எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார்?

“நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வர்றதப் பத்தி என்னம்மா நினைக்கிறீங்க?” என்று தொடங்கினார்.

“கட்டின்னு சொன்னே. கெட்ட கட்டியா?”

பாதி தூரத்தை அம்மாவே கடந்திருந்தார். “முழுசா சொல்லவா?” என்று கேட்டு, அவர் தலையசைத்த பிறகு, “ஆமாம்மா, புற்றுநோய்” என்று ஒரே வரியில் சொல்லி நிறுத்தினார். அம்மா அழுது முடிக்கும்வரை விளக்கம் எதுவும் தரவில்லை. அந்த நேரத்தில் சொல்லும் விளக்கம் மனதில் நிற்காது. இரவு கூடத் தங்கத் தங்கை வந்திருந்தார்.

“பொழைச்சிடுவியா?” என்ற கேள்வி வந்தது. ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லியிருந்தால் அடுத்த முறை அவர் எதைச் சொன்னாலும் அம்மா நம்பியிருக்க மாட்டார். “அடுத்த வாரம் ஸ்கேன் இருக்கும்மா. எவ்வளவு பரவியிருக்குன்னு அதுக்கப்புறம்தான் தெரியும். தெரிஞ்ச அன்னைக்கே உங்ககிட்ட சொல்றேன்” என்றார்.

உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு மறுநாள்தான் செய்தி போனது. விசாரிப்பவர்கள் தம்மையே அழைக்கலாம் என்று கணவர் தம் எண்ணைப் போட்டிருந்தார்.