பழைய திட்ட அறிக்கையில் எது நிற்கும், எது நிற்காது?

கேள்வி: மதுரையில் இட்லி, தோசை மாவு அரைத்து ஒரு கிலோ கவரில் மளிகைக் கடைகளுக்குப் போட்டு வந்தோம். நான்கு மாதங்களாகக் கடைகளை விட்டுவிட்டு, கல்லூரி விடுதி மெஸ்களுக்கும் சிறு ஓட்டல்களுக்கும் கேனில் கொடுக்கிறோம். நாளுக்கு 400 கிலோ போகிறது. முன்பு கிலோவுக்குப் பொருள் 20 ரூபாய், மின்சாரம் 2, கூலி 4, கவர் 3, ரிட்டர்ன் நஷ்டம் 4 என்று செலவாகும். கடைக்கு 42-க்குக் கொடுத்தோம். இப்போது விலை 36. நடைமுறை மூலதனக் கடனுக்கு வங்கியில் திருத்திய திட்ட அறிக்கை கேட்கிறார்கள். பழைய அறிக்கையில் 120 இல்லத்தரசிகளிடம் எடுத்த கணிப்பு, ஓராண்டுக் கடை விற்பனைப் பேரேடு எல்லாம் உள்ளன. எவற்றை வைத்துக்கொள்ளலாம்?
— வாசகி, மதுரை

பதில்: அத்தியாயம் அத்தியாயமாகப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அம்மா. பழைய அறிக்கையில் எண் வரும் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், அந்த எண் யாரிடமிருந்து வந்தது என்று பென்சிலால் எழுதுங்கள். வாங்குகிறவர் மாறினால் அந்த எண்ணும் மாறுமா என்று அடுத்துக் கேளுங்கள். மாறும் என்றால், அது எவ்வளவு உழைத்துச் சேகரித்ததாக இருந்தாலும் புதிய அறிக்கையில் இடம்பெறக் கூடாது.

இல்லத்தரசிகள் கணிப்பை முழுதாக எடுத்துவிடுங்கள். மெஸ் மேலாளர் என்ன வாங்குவார் என்பதற்கு அது சாட்சி ஆகாது. உணவுப் பாதுகாப்பு உரிமம், உத்யம் பதிவு, கட்டட வாடகை, கிரைண்டர்களின் விவரம் ஆகியவை அப்படியே இருக்கட்டும்.

செலவுப் பட்டியலில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். மாவு அதே மாவு என்பதால் பட்டியலும் அதேதான் என்று நினைத்துவிடுகிறோம். அரிசி, உளுந்துக்கான 20 ரூபாய் இன்றைய விலைச்சீட்டோடு ஒத்துப்போனால் நிற்கும். மின்சாரமும் நிற்கும். கவரும் ரிட்டர்னும் போய்விட்டன. ஆனால் கூலி 4 ரூபாய் என்பது பகல் வேலைக்கான கணக்கு. மெஸ்ஸுக்கு விடிகாலை ஐந்து மணிக்குள் மாவு போய்ச் சேர வேண்டும். ஆகவே ஆட்கள் இரவில் நிற்கிறார்கள். இரவுக் கூலி 6 ரூபாய், வண்டிக்கும் கேன் கழுவுவதற்கும் 2 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் செலவு 30 ஆகிறது. முன்பு கிலோவுக்கு 9 ரூபாய் மிஞ்சியது, இப்போது 6. உங்கள் கூலிப் பதிவேட்டைப் பார்த்து உண்மையான எண்ணைப் போடுங்கள்.

விற்பனைப் பேரேட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். உங்களால் தினமும் இத்தனை கிலோ அரைக்க முடிந்தது என்பதற்கு அது நல்ல சாட்சி. எந்த மாதம் விற்பனை ஏறும் என்பதற்கு அதை நம்பக் கூடாது. பள்ளி விடுமுறை, பண்டிகை நாட்களில் வீடுகளுக்கு மாவு கூடுதலாகப் போகும். அந்த நாட்களில்தான் விடுதி காலியாக இருக்கும். மே மாதத்துக்குப் பழைய அறிக்கையில் உயர்த்திப் போட்ட எண்ணைப் புதியதில் இறக்கிப் போட வேண்டியிருக்கும். ரிட்டர்ன் பதிவேட்டிலும் ஒரு பகுதி உதவும். கவர் உப்பியதால் திரும்பியது இனிப் பொருந்தாது. கோடையில் சீக்கிரம் புளித்துவிட்டது என்ற புகார் மெஸ்ஸிலிருந்தும் வரும், அதை விடாதீர்கள்.

முழுதாகப் புதிதாக எழுத வேண்டியது நடைமுறை மூலதனப் பகுதி. கடைக்காரர் அடுத்த லோடு இறக்கும்போதே பணம் கொடுத்துவிடுவார். மெஸ் மாதக் கடைசியில் பில் வாங்கிக்கொண்டு, அடுத்த மாதம் பத்தாம் தேதி வாக்கில் கொடுக்கும். முதல் தேதி இறக்கிய மாவுக்கு நாற்பது நாள் கழித்துத்தான் காசு. உங்களுக்கு ஒரு நாள் செலவு 12,000 ரூபாய். நாற்பது நாளுக்கு 4,80,000 ரூபாய் வெளியே நிற்கும். லாபம் காட்டும் தொழிலில் உளுந்து வாங்கக் காசில்லாமல் போவது இப்படித்தான்.

பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கு ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குமேல் பாக்கி வைக்கக் கூடாது என்று 2006-ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. ஆனால் அறிக்கையில் 45 என்று எழுதாதீர்கள். இந்த நான்கு மாதத்தில் ஒவ்வொரு பில்லுக்கும் பணம் வந்த தேதியை வங்கிக் கணக்கிலிருந்து எடுத்து அட்டவணையாகப் போடுங்கள். கணிப்பு இருந்த இடத்துக்கு வர வேண்டிய சாட்சி அதுதான். ஒரே விடுதி பாதி மாவை வாங்குகிறது என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். வங்கி மேலாளர் உங்கள் வரவுகளைப் பார்த்தாலே தெரிந்துகொள்வார்.

கடைகளை ஏன் விட்டீர்கள் என்பதை மறைக்க வேண்டாம். கிலோவுக்கு 4 ரூபாய் ரிட்டர்னில் போனது என்ற பழைய எண்ணை முதல் பக்கத்திலேயே காரணமாக எழுதுங்கள். அந்த முதல் பக்கத்தை மட்டும், மற்ற எல்லாவற்றையும் எழுதி முடித்த பிறகு எழுதுங்கள்.